உறவினருக்குச் செல்பேசி வழிகாட்ட ஸ்கிரீன்ஷாட்டா, ஸ்கிரீன் ரெக்கார்டிங்கா? உங்கள் அனுபவம் என்ன?

வைகைக்கரை:
மதுரையில் இருக்கும் அம்மாவின் செல்பேசி, குடும்பக் குழுக்களில் வரும் காணொளிகள் தாமாகவே இறங்கியதால் நிரம்பிவிட்டது. வாட்ஸ்அப்பில் அதை நிறுத்தும் வழியை ஐந்து ஸ்கிரீன்ஷாட்டுகளில் காட்டினேன். அம்மாவின் வாட்ஸ்அப் தமிழில் இருப்பதால், முதலில் என்னுடையதையும் தமிழுக்கு மாற்றிக்கொண்டேன். இரண்டு திரைகளிலும் ஒரே சொல் இருந்தால்தான் அவரால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பவர் பட்டனையும் ஒலியைக் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்திப் படமெடுத்து, எடிட் பகுதியில் உள்ள பேனாவால் படத்துக்கு ஒரே ஓர் அம்புக்குறியைத் தடித்த சிவப்பில் வரைந்தேன். முதல் படத்தில் மூலையிலுள்ள மூன்று புள்ளிகள், கடைசிப் படத்தில் காணொளிக்கு எதிரே எடுக்க வேண்டிய டிக். அம்பின் முனை எழுத்தை மறைக்காமல் அதற்குச் சற்று முன்பே நின்றுவிட வேண்டும். ஒவ்வொரு படத்தின் மேலும் பெரிதாக எண்ணிட்டதால், எதற்குப் பின் எது என்று அம்மா கேட்கவே இல்லை.

துபாய்வாசி:
இத்தனை படங்கள் எதற்கு? ஆண்ட்ராய்டு 11 முதல் ஸ்கிரீன் ரெக்கார்டர் செல்பேசியிலேயே இருக்கிறது. பேசிக்கொண்டே பதிவு செய்தால், விரல் தொடும் இடமும் தானாகவே தெரியும். அப்பாவுக்கு நான் அப்படித்தான் அனுப்புகிறேன்.

செல்பேசிப் பயிற்றுநர்:
தானாகத் தெரியாது, ஐயா. பதிவைத் தொடங்கும் முன், தொடுகைகளைக் காட்டும் தேர்வை இயக்க வேண்டும்; குரல் பதிய மைக்கையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐபோனின் பதிவில் விரல் தொட்ட இடம் தெரியாது என்பதால், எதை அழுத்துகிறீர்கள் என்பதை வாயால் சொல்லியே ஆக வேண்டும். பதிவின்போது மேலிருந்து வந்து விழும் ஓடிபி முதலிய செய்திகளும் சேர்ந்து பதிவாகிவிடும். ஆகவே தொந்தரவு செய்யாதே முறையை முன்னரே இயக்கிவிடுங்கள். படத்தில் கணக்கு எண்ணை மறைப்பதாக இருந்தால், ஹைலைட்டரை நம்பாமல் முழுவதும் நிரப்பிய கட்டத்தை அதன்மேல் வையுங்கள். ஹைலைட்டர் ஒளி ஊடுருவுவது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியிலுள்ள எழுத்து தெரிந்துவிடும்.

காரைக்குடி மருமகள்:
என் மாமியாருக்கு வங்கிச் செயலியில் இருப்புத்தொகை பார்க்கச் சொல்லித் தர வேண்டும். படமெடுத்தால் வெறும் கறுப்பாக வருகிறது. வேறு நல்ல செயலி ஏதாவது சொல்லுங்களேன்.

செல்பேசிப் பயிற்றுநர்:
அம்மா, அது உங்கள் செல்பேசியின் கோளாறு அன்று. வங்கிச் செயலிகள் பல, பாதுகாப்புக்காகத் தம் திரையைப் படமெடுக்க விடுவதில்லை. அதைத் தாண்டுவதாகச் சொல்லும் செயலிகளை நிறுவ வேண்டாம். வெள்ளைத்தாளில் அந்தத் திரையைப் பட்டன்களுடன் வரைந்து, அம்புக்குறி போட்டுக் கொடுங்கள்.

வைகைக்கரை:
தாள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். என் பெரியப்பா, நான் அனுப்பிய படத்தைத் திறந்து, அம்பு காட்டிய பட்டனைப் படத்தின் மேலேயே அழுத்திக்கொண்டிருந்தார். அவருக்கு மட்டும் படங்களை அச்செடுத்து அஞ்சலில் அனுப்பினேன். தாளை மடியில் வைத்துக்கொண்டு செய்துவிட்டார்.

துபாய்வாசி:
அப்பாவுக்குக் காணொளிதான் பிடிக்கிறது. ஆனால், நடுவில் நிறுத்திவிட்டு வேறு செயலிக்குப் போய்ச் செய்துபார்த்துத் திரும்புவதற்குள் பாதி மறந்துவிடுகிறார். இதற்கு யாரிடமாவது வழி இருக்கிறதா?