அகராதிப் பக்கம் தட்டச்சு: எண்களை எப்படிப் பிரிப்பது?

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் பக்கம் ஒன்றைப் புகைப்படத்திலிருந்து தட்டச்சு செய்கிறேன். அகழ்-தல் பதிவை இப்படி அடித்திருக்கிறேன்:

```
**அகழ்-தல்** *akaḻ-*, 4 v. tr. 1.
```

தலைச்சொல் தடிப்பு, ஒலிபெயர்ப்பு சாய்வு. அது சரி. படத்தில் ḻ-இன் கோடும் ḷ-இன் புள்ளியும் ஒன்றுபோல் மங்கிக் கிடக்கின்றன. பக்கத்திலேயே தமிழில் ‘ழ’ இருப்பதால் தப்பித்தேன்.

தொல்லை எண்களில்தான். இங்கே 4 என்பது வினை எந்த வகை என்று சொல்வது. அடுத்த 1 தான் முதல் பொருள். ஒரே வடிவச் சொற்களைப் பிரிக்க தலைச்சொல்லின் மேலே சிறிய எண் வேறு வரும். அதை ¹ என்றே அடிப்பதா, `<sup>1</sup>` போடுவதா? பின்னால் தேடும்போது அகம்¹ என்பது ‘அகம்’ என்று தேடினால் சிக்க வேண்டும். (திவா.) போன்ற குறுக்கங்களைத் திவாகரம் என்று விரிக்காமல் அப்படியே விடுகிறேன். அப்புறம், வினை எண்ணைத் தனியாகக் குறிக்க நீங்கள் என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.