புதுப்பிப்பு: வயலின், கீபோர்டு, டிரம் – யாருக்கு எந்த இடம்?

முதலில் கேட்டது: "மூணு பேரும் விடாம வாசிக்கிறோம், பாடுறவர் குரல் அமுங்கிடுது. எப்படிப் பிரிக்கிறது?"

பாட்டு மோகனம், ஆதி தாளம். கோளாறு காந்தாரத்தில்தான் என்று மூத்த வயலின் வித்வான் ஒருவர் பிடித்துச் சொன்னார். வயலின் அதை அசைத்து வாசிக்க, கீபோர்டு அசையாமல் பிடிக்க, இரண்டும் உரசின. இப்போது கீபோர்டு ஆவர்த்தனத்துக்கு ஒருமுறை ச–ப மட்டும் அழுத்தி எட்டு எண்ணிக்கையும் பிடிக்கிறது. ஹிந்தோளமானால் பஞ்சமம் கிடையாது, ச–ம பிடியுங்கள்.

வயலின் பல்லவியில் குரலோடு போகிறது. சரணத்தில் வரி முடிந்து காலியாக நிற்கும் கடைசி இரண்டு எண்ணிக்கையில் மட்டும் பதில் சொல்கிறது. கேட்கவே அவ்வளவு நிறைவு!

"டிரம் சத்தத்தைக் குறைச்சாலே போதும்" என்று ஒருவர் சொன்னது பாதி சரி. குறைத்த பிறகும் ஹை-ஹாட் ஓயாமல் ஒலித்ததால் சொற்களின் மெய்யெழுத்துகள் மறைந்தன. அதை நிறுத்திவிட்டு, கிக்கைத் தாளத் தட்டு விழும் 1, 5, 7-இல் மட்டும் வைத்ததும் வார்த்தை தெளிவானது.

டிரம்முக்குப் பதில் தபேலா வைக்கலாமா என்று கேட்டவருக்கு: அதைச் சுருதிக்குச் சேர்க்க வேண்டும், கணக்கே வேறு.

கடைசி வேக நாமாவளியில் கீபோர்டும் தாளத்தோடு வெட்டி வாசிக்கலாமா என்பதில் இன்னும் ஒத்துவரவில்லை.