உண்ணி உடம்பு கையோடு வந்தது, தலை தோலுக்குள் நின்றது: உங்கள் அனுபவம்?

உச்சிப்புளிக்காரன்
ஆட்டுக்கிடை போட்ட தோப்பில் விளையாடிய அக்கா மகளுக்குக் காதுக்குப் பின்னால், முடி ஓரத்தில் உண்ணி. மிளகு அளவுக்கு ஊதிப்போயிருந்தது. பெரியப்பா முள்வாங்கியால் அதை வயிற்றோடு சேர்த்துக் கவ்வி ஒரே வெட்டு இழுப்பு. சாம்பல் நிற உடம்பு வந்துவிட்டது. தோலில் கருப்பாக ஒரு புள்ளி மட்டும் நின்றது. முள்வாங்கியின் ஊசியைப் போட்டு நோண்டப் போனார், பிள்ளை வீறிட்டுக் கத்தியது. அந்தப் புள்ளிதான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சாமணத்தில் முழுசாக எடுத்தவர்கள் எப்படி எடுத்தீர்கள்?

கிடை டாக்டர் (கால்நடை மருந்தகம்)
கருவேல முள்ளுக்கு முள்வாங்கி சரி, உண்ணிக்கு வேண்டாம். முள்வாங்கியின் வாய் தடிமன். தோலை ஒட்டி நுழையாது, வயிற்றில்தான் போய் நிற்கும். வயிற்றை நசுக்கினால் உள்ளே இருக்கும் எச்சிலும் ரத்தமும் கடித்த இடத்துக்கே திரும்பும்.

தலை ஏன் நிற்கிறது என்றால், உண்ணியின் வாய்க்குழலில் தூண்டில் முள்ளின் கொக்கி மாதிரி பின்னோக்கிய பற்கள் வரிசையாக இருக்கின்றன. போதாததற்குப் பல வகைகள் பசை போன்ற ஒன்றைச் சுரந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். வெடுக்கென்று இழுத்தால் பிடி விடுவதற்கு முன் கழுத்து அறுந்துவிடும்.

சாமணம் கூர்முனையாக இருக்க வேண்டும். முனைகள் சேர்கின்றனவா என்று பார்க்க, முன்கையில் ஒற்றை முடியைக் கவ்வுங்கள். வழுக்கினால் அந்தச் சாமணம் வேண்டாம். பியூட்டி பார்லரில் வைத்திருக்கும் பட்டை முனையும் வேண்டாம்.

முடியைத் தண்ணீர் தொட்டு ஒதுக்கி, ஒருவர் செல்போன் விளக்கைப் பிடிக்கட்டும். சாமணத்தை மேலிருந்து இறக்காமல், தோல்மேல் ஏறக்குறையப் படுத்தபடி பக்கவாட்டில் கொண்டுபோங்கள். முனை தோலில் உரசுகிறது என்று பிள்ளை சொன்னால் சரியான ஆழம். அங்கே தலையைக் கவ்விவிட்டு நேராக மேல்நோக்கித் தூக்குங்கள். தோல் கூடாரம்போல் எழும்பும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். பலத்தைக் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். சில நொடியில் விடும், சிலது அரை நிமிடம், அதற்கு மேலும் இழுக்கும். பெரும்பாலானவர்கள் பொறுமை இழப்பது இங்கேதான். விடும்போது துளித் தோலும் கூட வந்தால் பயப்பட வேண்டாம்.

எடுத்ததை வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். முன்பக்கம் கால்களுக்கு நடுவே சின்னதாக நீட்டிக்கொண்டிருந்தால் வாய் வந்துவிட்டது. மொட்டையாக இருந்தால் உள்ளே நிற்கிறது.

தேவிபட்டினம் வாசி
அண்ணே, நீங்கள் சொல்வது பாதி சரி. நேராக இழுத்தால்தான் அறும். இடப்பக்கம் ரெண்டு திருகு திருகிவிட்டு எடுத்தால் லேசாக வரும். எங்கள் வீட்டு நாய்க்கு எப்போதும் அப்படித்தான். முதலில் மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டால் தானாகவே வாயை விட்டுவிடும். இது தெரியாமல் சாமணம், செல்போன் விளக்கு என்று என்ன பெரிய ஆபரேஷனா?

கிடை டாக்டர் (கால்நடை மருந்தகம்)
தம்பி, உண்ணி வாயில் திருகாணி மரை கிடையாது, இடமோ வலமோ திருகிக் கழற்ற. திருகி எடுக்கக் கொக்கி போன்ற பிளாஸ்டிக் கருவி கடையில் வருகிறது, அதை மறுக்கவில்லை. அது உண்ணியை நசுக்காமல் அடியில் ஏந்திக்கொள்ளும், அதனால் சுற்றலாம். சாமணம் நசுக்கிப் பிடிக்கிறது. அந்தப் பிடியில் சுற்றினால் உடம்பு சுற்றும், வாய் அப்படியே நிற்கும்.

உங்கள் நாய்க்கு லேசாக வருவதற்குக் காரணம் வேறு. பழுப்பு நாய் உண்ணிக்கு வாய் குட்டை. மாட்டிலும் ஆட்டிலும் ஏறும், காலில் பட்டை பட்டையாக நிறமிருக்கும் பெரிய உண்ணிக்கு வாய் நீளம். அதுதான் ஆழமாகப் பதியும்.

மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, தீக்குச்சி, வாஸ்லின் எதுவுமே வேண்டாம். அது மூச்சு முட்டி வாயைத் திறக்கும் என்று காத்திருக்க முடியாது. காத்திருக்கும் நேரமெல்லாம் கடி நீளும். பிள்ளைக்குத் தோல் புண்ணாவது மிச்சம்.

கீழக்கரை உம்மா
என் நாத்தனாருக்குக் காது உள்ளே ஏறிடுச்சு. வெளியே வால் மாதிரி தெரியுது, ஆனா உள்ளே ஆழம். இதே மாதிரி சாமணம் போடலாமா?

வாலிநோக்கம் சிஸ்டர்
காதுக்குள்ளே வேண்டவே வேண்டாம் அக்கா. ஜவ்வுக்குப் பக்கத்தில் கை ஆடினால் போச்சு. காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்தபடி எடுக்க வேண்டியது அது. கண் இமையும் அப்படித்தான்.

உச்சிப்புளி அண்ணன் கேட்ட புள்ளிக்கு வருகிறேன். அந்தக் கருப்புப் புள்ளி வாய்ப்பகுதியாக இருக்கலாம், காய்ந்த ரத்தமாகவும் இருக்கலாம். சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரப் பஞ்சால் மெதுவாகத் துடையுங்கள். கரைந்து போனால் ரத்தம். நின்றால், முனை வெளியே தெரிகிறதா என்று லென்ஸில் பாருங்கள். தெரிந்தால் ஸ்பிரிட்டில் துடைத்த சாமணத்தால் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள், தோல் ஆறும்போது அதுவே தள்ளிவிடும். உள்ளே நிற்கும் வாய் மட்டும் ரத்தம் குடிக்காது, வளராது. நோண்டிய புண்தான் சீழ் பிடிக்கும். கடித்த இடத்தில் அரிப்போடு சின்ன முடிச்சு சில வாரம் நிற்கலாம்.

கவனிக்க வேண்டியது வேறு. ரெண்டு வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி, உள்ளங்கை உள்ளங்காலில் தடிப்பு, கடித்த இடத்தில் கருப்புப் பொருக்கு என்று எது வந்தாலும் டாக்டரிடம் 'உண்ணி கடித்தது' என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து இருக்கிறது, சொல்லாவிட்டால் வேறு எதையோ தேடுவார்கள். எடுத்த உண்ணியை டேப்பில் ஒட்டித் தேதி எழுதி வையுங்கள்.

தேவிபட்டினம் வாசி
உண்ணி கடித்தால் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல்தானே வரும்? அதை ஏன் சொல்லவில்லை?

வாலிநோக்கம் சிஸ்டர்
அதைப் பரப்புவது வேறு பூச்சி, கண்ணுக்கே சரியாகத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு. அதைச் சாமணத்தில் பிடிக்கவும் முடியாது. கருப்புப் பொருக்கு ரெண்டிலும் வரும், அதனால்தான் குழப்பம்.

சாயல்குடி பனங்காடு
நோண்டவே கூடாது என்பதில் எனக்குச் சம்மதமில்லை. மேல்தோலில் நிற்கும் துணுக்கை, சுட்டு ஆறிய ஊசியால் ஓரத்தைத் தளர்த்தி எடுப்பது எங்கள் பக்கம் காலங்காலமாக நடக்கிறது, முள் எடுப்பதுபோலவே. பெரியவர்களுக்கு அது சரிப்படுகிறது. பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

கிடை டாக்டர் (கால்நடை மருந்தகம்)
முள் செத்த பொருள், நேராக நிற்கும். இது பசையோடு தோலில் சேர்ந்திருக்கிறது. ஓரத்தைத் தளர்த்துவது என்றால் தோலைக் கிழிப்பதுதான். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம், விடுங்கள்.

உச்சிப்புளிக்காரன்
ஈரப் பஞ்சில் துடைத்தேன் சிஸ்டர், புள்ளி பாதி கரைந்தது, பாதி நிற்கிறது. லென்ஸில் முனை ஒன்றும் தெரியவில்லை, விட்டுவிட்டோம். இன்னொன்று: அவள் கணுக்காலில் கடுகைவிடச் சின்னதாகப் பத்துப் பதினைந்து ஊர்ந்துகொண்டிருந்தன, அதற்கும் சாமணமா?

வாலிநோக்கம் சிஸ்டர்
ஊர்வது இன்னும் கடித்து ஒட்டாதது அண்ணே. செல்லோ டேப்பின் பசைப் பக்கத்தை அழுத்தி எடுங்கள், மொத்தமாக ஒட்டிவரும். டேப்பை மடித்து மூடிவிடுங்கள். ஊராமல் ஒட்டி நிற்பதற்கு மட்டும் சாமணம். முழங்கால் மடிப்பு, இடுப்புக் கயிறு, தலைமுடி ஓரம் மூன்றையும் இன்று ராத்திரியே பார்த்துவிடுங்கள்.