EXPO போட்டால் பூட் ஆகல, பயாஸ் அப்டேட் செய்யலாமா? பாதியில் நின்றால் போர்டு போயிடுமா?

ரெண்டர்கதிர்
வணக்கம். ரைசன் 7 9700X, B650 போர்டு, 32 ஜிபி ரேம் குச்சி ரெண்டு (DDR5-6000, CL30). ரேமை 6000 வேகத்தில் ஓட்டும் EXPO-வை ஆன் செய்தால் காலையில் முதல் தடவை போடும்போது மூணுக்கு ஒரு முறை திரையே வராது. ரெண்டு மூணு தடவை தானாக ரீஸ்டார்ட் ஆகி, 4800-க்கு இறங்கி நிக்கும். சூடான பிறகு ஒரு தொந்தரவும் இல்லை. பயாஸ் 2024 ஆகஸ்ட்டில் வந்தது, உள்ளே இருக்கும் ஏஎம்டியின் பர்ம்வேர் AGESA 1.2.0.0 என்று காட்டுது. 1.2.0.2-ல் இதே பிராசசருக்கு 105 வாட் ஆப்ஷன் வருதாம், ரெண்டும் சேர்த்து சரியாகும்னு நினைக்கிறேன். ஆனா அப்டேட் நடுவில் கரண்ட் போனால்? அதுதான் பயம்.

சும்மாஇரு
ஓடுற மாட்டை ஏன் தட்டணும்? 4800-லயே விடுங்க, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அப்டேட் பண்ணியே ஆகணும்னா, முடிஞ்சதும் போர்டில் இருக்கும் பேட்டரியைக் கழற்றிப் போடுங்க. கருப்புத் திரை வந்தா மட்டும் பவரைத் தொடவே கூடாது, தொட்டா போர்டு காலி.

ஈயப்பற்று
தம்பி, கரண்ட் போவதைவிடப் பெரிய ஆபத்து உங்க கையிலேயே இருக்கு, அதை யாரும் சொல்லல. ரேம் நிலையா இல்லைன்னுதான் அப்டேட் செய்யப் போறீங்க. பயாஸ் பைல் பென்டிரைவில் இருந்து அந்த ரேமுக்குள் வந்துதான் சிப்புக்குப் போகும். EXPO ஆனில் இருக்கும்போது எழுதினால், ரேமில் ஒரு பிட் புரண்டாலும் சிஸ்டம் நடுவில் உறைஞ்சாலும் பாதி எழுதின சிப்தான் மிஞ்சும். அதனால முதல்ல பயாஸில் Load Optimized Defaults கொடுத்து 4800-க்கு வாங்க. விண்டோஸ் உள்ளிருந்து எழுதும் மென்பொருள் வேண்டாம். FAT32 பென்டிரைவில் பைலைப் போட்டு, பயாஸின் சொந்தக் கருவியிலேயே எழுதுங்க. எழுதுவது சில நிமிஷ வேலை. யுபிஎஸ் இருந்தா அதில் போடுங்க, இல்லைன்னா மின்சாரம் ஒழுங்கா இருக்கிற நேரமாப் பாருங்க.

இன்னொண்ணு. விண்டோஸ் டிரைவ் என்கிரிப்ட் ஆகியிருக்கான்னு பாருங்க, சில கம்ப்யூட்டரில் கேட்காமலே ஆனாகி இருக்கும். அப்டேட்டுக்குப் பிறகு, என்கிரிப்ஷன் சாவியைக் காக்கும் fTPM ரீசெட் ஆனால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் இதைக் கொடுத்து வரும் எண்ணைக் காகிதத்தில் எழுதி வைங்க:

```
manage-bde -protectors -get C:
```

105 வாட் பற்றி: இப்ப பிராசசர் அதிகபட்சம் 88 வாட் வரை இழுக்கும், அந்த ஆப்ஷனில் 142 வரை போகும். எல்லா கோரும் ஓடும் ரெண்டருக்குப் பலன் தெரியும். கேமுக்கு என்றால் மெனக்கெட வேண்டாம்.

நிலா_பிசி
என் கதை. EXPO ஆனில் வைத்து, விண்டோஸிலிருந்தே அப்டேட் செய்தேன். பாதியில் மவுஸ் நின்றது. அரை மணி பார்த்துட்டு அணைத்தேன். பிறகு ஃபேன் சுற்றும், போர்டில் ஒரு விளக்கும் நகராது. பின்பக்க ப்ளாஷ்பேக் பட்டன்தான் காப்பாற்றியது, அதுக்கு பிராசசரோ ரேமோ தேவையே இல்லை, போர்டுக்குப் பவர் இருந்தால் போதும். ஆனா முதல் ரெண்டு தடவை விளக்கு கொஞ்சம் மின்னிட்டு நின்னுடுச்சு. பைலுக்குக் கையேட்டில் சொன்ன பெயர்தான் வைத்திருந்தேன். விண்டோஸ் எக்ஸ்டென்ஷனை மறைத்திருந்ததால் அது .ROM.ROM ஆகிவிட்டதைக் கவனிக்கல! எக்ஸ்டென்ஷன் காட்டச் சொல்லிப் பார்த்துத் திருத்தினேன், ஐந்து நிமிஷத்தில் உயிர் வந்தது. உங்க போர்டில் அந்த பட்டன் இருக்கான்னு அப்டேட்டுக்கு முன்னாடியே பாருங்க.

குட்டிஅரவிந்த்
எனக்கும் இதே பிரச்சினை. i9-14900K, கேம் நடுவில் மூடிடுது. ரேமை மாத்திட்டேன், சரியாகல. AGESA எங்கே டவுன்லோட் பண்றது?

ஈயப்பற்று
அரவிந்த், AGESA ஏஎம்டிக்கு. உங்களுடையது வேறு நோய். 13, 14-ஆம் தலைமுறை இன்டெலில் வோல்டேஜ் அதிகம் போகும் சிக்கலுக்கு 2024-ல் 0x129, 0x12B என்று மைக்ரோகோடு வந்தது, பயாஸ் வழியாகத்தான் வரும். உடனே போடுங்க. ஆனா அது மேற்கொண்டு கெடாமல் தடுக்கும், கெட்டதை மீட்காது. அப்டேட்டுக்குப் பிறகும் மூடினால் பிராசசரை வாரண்டியில் மாற்றக் கேளுங்க.

ரெண்டர்கதிர்
பட்டன் இருக்கு. டீஃபால்ட் போட்டு, யுபிஎஸ் வைத்து எழுதினேன், 100% வந்து ரீஸ்டார்ட் ஆச்சு. இப்ப மூணு நிமிஷமா கருப்புத் திரை! DRAM விளக்கு மஞ்சளா எரியுது. போனில் இருந்து எழுதுறேன்.

சும்மாஇரு
சொன்னேன்ல. பேட்டரியைக் கழட்டுங்க சீக்கிரம்.

ஈயப்பற்று
கழட்டாதீங்க! CPU விளக்கைத் தாண்டி DRAM விளக்குக்கு வந்திருக்குன்னா, சிப்பில் இருக்கும் புது பர்ம்வேர் ஓடிக்கிட்டு இருக்கு என்று அர்த்தம். எழுத்து கெட்டிருந்தால் பெரும்பாலும் அங்கே வரைக்கும் வராது. இப்ப நடப்பது ரேம் டிரெய்னிங். பழைய பயாஸ் கற்று வைத்திருந்த டைமிங் எல்லாம் அழிஞ்சுடுச்சு, 64 ஜிபியையும் முதலிலிருந்து அளந்து பார்க்குது. நடுவில் தானா அணைந்து எழுந்தாலும் பதறாதீங்க. பதினைந்து நிமிஷம் கொடுங்க. பேட்டரியைக் கழட்டினால் கற்றதை மறந்து மறுபடி ஆரம்பிக்கும், அவ்வளவுதான். டிரெய்னிங்கில் பவர் போனால் போர்டு சாகாது, எழுதும்போது போனால்தான் சாகும். நம்ம நண்பர் ரெண்டையும் ஒண்ணாக்கிட்டார்.

ரெண்டர்கதிர்
வந்துடுச்சு!! ஆறரை நிமிஷம். கை நடுங்குது. ரெகவரி கீயும் கேட்டது, எழுதி வைத்தது கை கொடுத்தது. எல்லா செட்டிங்கும் அழிஞ்சதால் ஃபேன் வேகம் உட்படத் திரும்பப் போட்டேன்.

ரெண்டர்கதிர் (நாலு நாள் கழித்து)
105 வாட்டில் 41 நிமிஷ ரெண்டர் 37 ஆச்சு, வெப்பம் 14 டிகிரி கூடிருக்கு. EXPO 6000-ல் காலை பூட் நாலு நாளும் தவறல. ஆனா ஒவ்வொரு தடவையும் பூட் ஆக 50 விநாடி. Memory Context Restore ஆன் செய்தால் 15 விநாடியில் வருது, ஆனா நேற்று இரவு மெம்டெஸ்டில் ஒரு எர்ரர். ஆஃப் செய்தால் எர்ரர் இல்லை.

நிலா_பிசி
எனக்கு அது ஆனிலேயே மாசக்கணக்கா ஓடுது, ஒரு எர்ரரும் இல்லை.

ஈயப்பற்று
ஆன் என்றால் முதல் நாள் கற்ற டைமிங்கையே திரும்பப் போடும், அன்றைய குளிர், சூடு எதையும் பார்க்காது. உங்க குச்சிகள் 6000-ல் விளிம்பில் நிக்குது போல. ஆஃபிலேயே விட்டு ஒரு முழு இரவு மெம்டெஸ்ட் ஓட்டுங்க. அதிலும் ஒரு எர்ரர் வந்தால் 5800-க்கு இறக்கிப் பார்த்து எழுதுங்க. போர்டா, குச்சியா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது.