ஐந்து விழுக்காடு என்று காட்டிய எண்ணும், டிசம்பரில் வந்த சம்பளக் கணக்கும்

எபேன், மொரிசியஸ் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சம்பளக் கணக்கு மென்பொருள் ஒன்றின் சோதனைக் குழுவில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். சோதனையைத் தாண்டி வாடிக்கையாளரிடம் போய்ச் சேரும் பிழைகளின் விகிதத்தைக் கொண்டு எங்கள் பணியை நிர்வாகம் மதிப்பிட்டு வந்தது. அந்த விகிதத்தை நம்பியதால் ஒரு டிசம்பரில் எங்களுக்கு நேர்ந்ததை இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

எங்கள் கணக்கு எளிமையானது. ஒரு வெளியீட்டுக்குப் பின் 60 நாட்களுக்குள் வாடிக்கையாளரிடம் தெரியவந்த பிழைகளை, அவற்றோடு சோதனையில் பிடிபட்டவற்றையும் சேர்த்த மொத்தத்தால் வகுப்போம். ஏப்ரல் வெளியீட்டில் சோதனையில் 54, வெளியே 6. அறுபதில் ஆறு, அதாவது 10 விழுக்காடு. ஜூலை வெளியீட்டில் சோதனையில் 114, வெளியே அதே 6. நூற்றிருபதில் ஆறு, 5 விழுக்காடு. தப்பிய பிழைகள் பாதியாகிவிட்டன என்று செப்டம்பர் கூட்டத்தில் எங்களைப் பாராட்டினார்கள். ஆனால் வெளியே போனவை இரு முறையும் ஆறுதான்.

பிறகு நான் அந்த 114-ஐ ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். அவற்றில் 62, பிரெஞ்சுத் திரையில் சொல் வெட்டுப்பட்டது, பொத்தான் சற்று விலகி நின்றது போன்ற தோற்றக் குறைகள். ஏப்ரலில் அத்தகையவை நான்கு மட்டுமே. இடைப்பட்ட காலத்தில், சோதனையாளர் ஒவ்வொருவரும் பதிவு செய்யும் பிழைகளின் எண்ணிக்கை ஆண்டு மதிப்பீட்டில் சேர்க்கப்பட்டிருந்தது. யாரும் பொய் எழுதவில்லை. முன்பெல்லாம் நிரலாளரிடம் வாய்மொழியாகச் சொல்லி முடித்ததை இப்போது பதிவு செய்தார்கள், அவ்வளவுதான். தோற்றக் குறைகளை நீக்கிக் கணக்கிட்டால் ஏப்ரல் 10.7, ஜூலை 10.3. எதுவும் மாறவில்லை.

இது பாதிக் கதைதான். மொரிசியஸில் ஆண்டு முடிவு போனஸ், அவ்வாண்டில் ஈட்டிய ஊதியத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. எதிர்பார்க்கும் தொகையில் 75 விழுக்காட்டைக் கிறிஸ்துமஸுக்கு முன்பும், மீதியை ஆண்டின் கடைசி வேலை நாளுக்குள்ளும் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கை ஜூலை வெளியீட்டில் திருத்தி எழுதியிருந்தோம். ஆனால் அது ஓடுவது டிசம்பரில் மட்டுமே. ஆகவே 60 நாள் கணக்கு முடிந்தபோது, அந்த நிரலை ஒரு வாடிக்கையாளர்கூடத் தொட்டிருக்கவில்லை. யாரும் நடக்காத பாலம் உறுதியானது என்று நாங்கள் பதிவு செய்திருந்தோம்.

இரண்டாம் தவணை இப்படி எழுதப்பட்டிருந்தது:

```
second = final_bonus * 0.25
```

இருந்திருக்க வேண்டியது இது:

```
second = final_bonus - first_paid
```

நிலையான சம்பளக்காரருக்கு இரண்டும் ஒரே விடையைத் தரும். எதிர்பார்த்த போனஸ் 24,000 ரூபாய் என்றால் முதல் தவணை 18,000, இரண்டாவது 6,000. எங்கள் சோதனைத் தரவில் இருந்த ஊழியர்கள் அனைவரும் நிலையான சம்பளக்காரர்கள். ஆனால் டிசம்பரில் கூடுதல் நேரம் உழைத்த ஒரு விடுதி ஊழியருக்கு ஆண்டின் முடிவில் போனஸ் 25,200 என்று கூடியது. அவருக்கு 7,200 வந்திருக்க வேண்டும். மென்பொருள் 6,300 கொடுத்தது. 900 ரூபாய் குறைவு, அதுவும் புத்தாண்டுக்கு முந்தைய நாளில். இது போல் எண்ணற்ற ஊழியர்கள். உதவி மையத்துக்கு வந்த அழைப்புகள் அனைத்தும் ஒரே டிக்கெட்டில் இணைக்கப்பட்டதால், விகிதத்தின் கணக்கில் இது ஒரே ஒரு பிழை; விலகி நின்ற பொத்தானும் ஒரே ஒரு பிழை.

போனஸ் பகுதியில் அந்த மாதம் ஒன்பது பிழைகள் வெளிவந்தன. அவை டிசம்பரில் கண்டறியப்பட்டதால் டிசம்பர் தொடக்கத்தில் வெளியிட்ட சிறு பதிப்பின் கணக்கில் ஏறின. ஏறக்குறைய எதையும் மாற்றாத அந்தப் பதிப்பு மிக மோசமானதாகவும், ஜூலை வெளியீடு இன்றளவும் 5 விழுக்காடாகவும் டேஷ்போர்டில் நின்றன. ஒன்பதையும் ஜூலையிலேயே சேர்த்தால் 15 பிழைகள் தப்பியுள்ளன. தோற்றக் குறைகளை விட்டுக் கணக்கிட்டால் 67-இல் 15, அதாவது 22 விழுக்காட்டுக்கும் மேல்.

டர்பன், தென்னாப்பிரிக்கா

சகோதரிக்கு வணக்கம். நான் நிரலாளன். விகிதத்தில் வகுக்கும் எண்ணிலேயே சோதனையாளரின் எண்ணிக்கை இருப்பதால்தான் இந்தக் கோளாறு வருகிறது. ஆகவே நாங்கள் பிழை அடர்த்திக்கு மாறிவிட்டோம். ஆயிரம் வரி நிரலுக்கு எத்தனை பிழை என்பது யாராலும் எளிதில் வளைக்க முடியாத அளவு. நிரலின் நீளம் நீளம்தானே. எந்த மாட்யூலில் அடர்த்தி மிகுதியோ, அங்கே கூடுதல் சோதனை செய்கிறோம்.

செயின்ட் டெனி, ரீயூனியன்

ஒரு சிறு கேள்வி. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், தப்பும் பிழைகள் 5 விழுக்காட்டைத் தாண்டினால் கட்டணத்தில் கழிப்போம் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்கிறார். மேலே சொன்னதைப் பார்த்தால் 10 என்பதுதான் சரியான வரம்பு என்று புரிந்துகொள்கிறேன். அதையே எழுதிவிடலாமா?

எபேன்

செயின்ட் டெனி நண்பருக்கு: பத்து சரியான வரம்பு என்று நான் சொல்லவில்லை. தோற்றக் குறைகளைப் பதிவு செய்தால் பத்து ஐந்தாகிறது, டிசம்பர் வரை பொறுத்தால் இருபத்திரண்டாகிறது என்பதே நான் சொன்னது. பணத்தோடு கட்டினால், எது பிழை, எது வாடிக்கையாளரின் அமைப்புக் கோளாறு என்று ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் நீங்கள் வாதாட நேரிடும். எங்கள் உதவி மையத்தில் "அமைப்பு சார்ந்தது" என்று மூடப்பட்ட டிக்கெட்டுகளை ஒருமுறை மீண்டும் படித்தேன். அவற்றில் சில ஐயத்துக்கிடமின்றிப் பிழைகள்.

டர்பன் நண்பருக்கு: நிரலின் நீளமும் அசைகிறது. எங்களிடம் 20 ஆயிரம் வரி கொண்ட விடுப்புக் கணக்கு மாட்யூல் இருந்தது. ஓராண்டில் 30 பிழைகள், அடர்த்தி 1.5. அதில் மூன்று இடங்களில் நகலெடுக்கப்பட்டிருந்த பகுதிகளை ஒரு நல்ல நிரலாளர் ஒன்றாக்கி 12 ஆயிரம் வரியாகக் குறைத்தார். மறு ஆண்டில் 24 பிழைகள்தான் வந்தன, ஆனால் அடர்த்தி 2.0. பிழையும் குறைந்தது, நிரலும் எளிதாயிற்று. அட்டவணையில் அந்த மாட்யூல் சிவப்பாயிற்று. அவரை அழைத்து விளக்கம் கேட்டார்கள் என்பதை இன்றும் வருத்தத்தோடுதான் நினைக்கிறேன்.

சோதனையில் அடர்த்தி மிகுந்த மாட்யூல் வெளியேயும் மோசமாக இருக்கும் என்பதும் உறுதியில்லை. ஃபென்டன், ஓல்சன் இருவரும் எரிக்சனின் தொலைபேசி இணைப்பக மென்பொருளை ஆராய்ந்து 2000-இல் வெளியிட்ட முடிவில், வெளியீட்டுக்கு முன் மிகுதியாகப் பிழை காட்டிய மாட்யூல்கள் பின்னர் மிகக் குறைவாகவே காட்டின. ஓரிடத்தில் மிகுதியாகப் பிடிபட்டது, அங்கே நன்றாகத் தேடினார்கள் என்பதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

டர்பன்

நகல் நீக்கிய கதை எங்களுக்கும் பொருந்தும் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எரிக்சன் முடிவை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. எங்கள் காப்பீட்டுக் கோரிக்கை மாட்யூல் சோதனையிலும் மோசம், வெளியேயும் மோசம், எத்தனையோ ஆண்டுகளாக. ஒரு தொலைபேசி நிறுவனத்தின் நிலவரம் எல்லோருக்கும் விதியாகாது.

எபேன்

விதி என்று நானும் சொல்லவில்லை. உங்கள் மாட்யூலில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன என்பதை நீங்கள் பார்த்து அறிந்திருக்கிறீர்கள். பார்க்காமல் முதலாவதைக் கொண்டு இரண்டாவதை ஊகிப்பதைத்தான் தவறு என்கிறேன்.

யாங்கோன், மியான்மர்

அம்மா, நான் வயதில் மூத்தவன்; கடைகளுக்கான சரக்குக் கணக்கு மென்பொருள் செய்யும் சிறு நிறுவனத்தில் இருக்கிறேன். எங்களுக்கு நேர்ந்தது உங்களுக்கு நேர் எதிரானது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் நிரலாளர்கள் தங்கள் நிரலைத் தாங்களே சோதித்த பிறகுதான் சோதனைக் குழுவிடம் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். அதற்கு முந்தைய வெளியீட்டில் சோதனையில் 80, கடைகளில் 8, விகிதம் 9.1. ஏற்பாட்டுக்குப் பின் சோதனையில் 30, கடைகளில் 5, விகிதம் 14.3. கடைக்காரர்களுக்குத் தொல்லை எட்டிலிருந்து ஐந்தாகக் குறைந்திருந்தும், சோதனைக் குழு சோம்பிவிட்டது என்று முதலாளி முடிவு கட்டினார். எளிதான பிழைகள் முன்னரே தீர்ந்து போனதால் சோதனையாளருக்கு எஞ்சியவை கடினமானவை மட்டுமே என்று நான் எவ்வளவு சொல்லியும் அவர் ஏற்கவில்லை. அந்த ஏற்பாட்டை இரண்டு மாதங்களில் கைவிட்டார்கள். விகிதம் மீண்டும் இறங்கியது. கடைகளிலிருந்து அழைப்புகள் கூடின.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஜூலை வெளியீட்டுக்கு மட்டும் டிசம்பர் வரை காலம் கொடுத்து 22 என்கிறீர்கள். ஏப்ரலுக்கும் அதே அளவு காலம் கொடுத்தீர்களா? இல்லையென்றால் 10-ஐயும் 22-ஐயும் அருகருகே வைப்பது முறையாகாது.

எபேன்

ஐயா, நீங்கள் சொல்வது சரி. இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஏப்ரல் வெளியீட்டின் மேல் அந்த ஆண்டு முடிவதற்குள் மேலும் இரண்டு பிழைகள் வந்தன. ஆக 58-இல் 8, ஏறத்தாழ 13.8. ஏப்ரலைவிட ஜூலை மோசம் என்பது அப்போதும் நிற்கிறது, ஆனால் இரு மடங்குக்கு மேல் என்பது நிற்காது.

உங்கள் கதை என் மனத்தை மிகவும் வருத்தியது. எங்களிடம் வகுக்கும் எண் பெருகியதால் விகிதம் இறங்கியது. உங்களிடம் அந்த எண் சுருங்கியதால் ஏறியது. கடைகளில் 8, 5 என்ற இரண்டு எண்களை மட்டும், அவை எத்தனை கடைகளில் எத்தனை நாட்களில் என்பதோடு சேர்த்து, முதலாளி முன் வைத்திருந்தால் ஒருவேளை அவர் கேட்டிருக்கலாம்.

டர்பன்

பிழை எந்த வெளியீட்டில் நுழைந்தது என்று யார் முடிவு செய்கிறார்கள்? எங்களிடம் அதை நிரலாளரே குறிக்க வேண்டும். எல்லாரும் "பழைய நிரல்" என்றே குறிக்கிறார்கள்.

எபேன்

அதற்கு எங்களிடமும் நல்ல விடை இல்லை. போனஸ் பிழையில் தவறான வரி எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று நிரல் வரலாற்றில் தேடி ஜூலை என்று உறுதி செய்ய முடிந்தது. ஒன்பதில் ஆறுக்கு அப்படி முடிந்தது. மற்ற மூன்றில் பழைய வரி சரியாகவே இருந்து, ஜூலையில் வேறிடத்தில் செய்த மாற்றத்தால் அது தவறாயிற்று. அவற்றை ஜூலையில் சேர்த்தது என் முடிவு, நிரல் குழு இன்னும் உடன்படவில்லை.

இப்போது ஒவ்வொரு வெளியீட்டிலும் தொட்ட பகுதிகளுக்கு எதிரே, அது வாடிக்கையாளரிடம் முதன்முதலில் எந்த மாதம் ஓடும் என்று எழுதுகிறோம். போனஸ் என்றால் டிசம்பர், ஆண்டு வருமான வரிப் படிவம் என்றால் அதற்குரிய மாதம். அது ஓடி முடியும் வரை அந்தப் பகுதியின் கட்டத்தில் எண் எதுவும் இடாமல் வெறுமையாக விடுகிறோம். சோதனைத் தரவில் கூடுதல் நேரம் உழைப்பவர், ஆண்டின் நடுவில் சேர்ந்தவர், சம்பளமில்லா விடுப்பில் போனவர் என மூவரைச் சேர்த்திருக்கிறோம். கடந்த ஜனவரியில், தைப்பூச விடுமுறைக்கு முந்தைய வாரம், வெறுமையான கட்டங்களை நிர்வாகத்தின் முன் வைத்தபோது அவற்றைப் பூஜ்யம் என்று நிரப்பித் தரும்படி கேட்டார்கள். நான் மறுத்தேன். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

செயின்ட் டெனி

அப்படியானால் ஒப்பந்தத்தில் விழுக்காட்டை எழுத மாட்டேன். சம்பளத் தொகை தவறாகும் பிழை என்றால் எத்தனை மணி நேரத்தில் திருத்துவோம் என்று எழுதித் தர முடியுமா என்று நாளை அவரிடம் கேட்கிறேன். அவர் ஒப்புக்கொள்வாரா என்று தெரியவில்லை, வந்து சொல்கிறேன்.