பொங்கப்பானை தள்ளுபடிச் செய்தி: வாழ்த்து முதல்லயா, விலை முதல்லயா?

அம்பை பாத்திரக்கடை: அண்ணாச்சிமாரே, வாட்ஸப் பிராட்காஸ்ட் லிஸ்ட்ல 240 பேர் இருக்காவ. பொங்கலுக்கு இதைப் போடலாம்னு எழுதி வச்சிருக்கேன். ஸ்பாம் மாதிரி இருக்கா? எப்படிச் சுருக்கலாம்?

"இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்!!! மாபெரும் அதிரடி தள்ளுபடி!!! அனைத்துப் பாத்திரங்களுக்கும் 50% வரை!!! தரம் எங்கள் தாரக மந்திரம். முந்துங்கள்!!! பத்துப் பேருக்குப் பகிருங்கள்."

ரதவீதி அண்ணாச்சி: வாழ்த்தோட தொடங்குற செய்தியை யாரும் ஸ்பாம்னு நினைக்க மாட்டாவ. மங்களமா தொடங்கியிருக்கீக, அப்படியே போடுங்க.

பாளை கணக்கு: இப்படிச் சொல்லித்தான் ஒவ்வொரு கடைக்காரரையும் கெடுக்குதீய. போன்ல செய்தி வந்ததும் திறக்காம கண்ணுல படுறது ஒரு வரிதான். அந்த ஒரு வரியை "இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்" தின்னுட்டா பானையும் தெரியாது, விலையும் தெரியாது. அந்த வாரம் பல்லு டாக்டர்ல இருந்து சீட்டுக் கம்பெனி வரைக்கும் இதே மூணு வார்த்தையைத்தான் அனுப்புதாவ. அந்த வரிசையில உங்க கடையும் ஒண்ணா நிக்கும்.

முதல் வரியில மூணு சேதி இருக்கணும்: எந்தக் கடை, எந்தச் சாமான், எவ்வளவு குறைவு. அடுத்த வரியில எந்தத் தேதி வரை. அதுக்கு மேல எது வந்தாலும் அது இல்லாம முடியாதான்னு கேட்டுப் பாருங்க.

ரதவீதி அண்ணாச்சி: வாழ்த்துச் சொல்லாம வியாபாரமா? கடைக்கு வாரவங்களை "வாங்க"ன்னு கூப்பிடாம விலைச்சீட்டை நீட்டுவீயளா?

பாளை கணக்கு: "வாங்க"ங்கிறது வாசலுக்கு வந்தவங்களுக்கு. இது அவங்க வீட்டுக் கதவை நாம தட்டுறது. தட்டினவர் யாரு, எதுக்கு வந்தாருங்கிறதை முதல்ல சொல்லணும்.

இன்னொண்ணு. பானையைப் பொங்கலன்னிக்கு யாரும் வாங்க மாட்டாவ. பொங்கப்படி கொண்டு போறவங்க அதுக்கு முன்னயே வாங்கி முடிச்சிருவாவ. அப்போ செய்தி போகவேண்டியது தை ஒண்ணாந் தேதிக்குப் பத்து நாள் முன்ன. மார்கழியில எதுக்குவே பொங்கல் வாழ்த்து?

தென்காசி டெய்லர்: எங்க தெரு குரூப்ல ஒருத்தர் தள்ளுபடி போட்டதும் நாலு பேர் வெளியேறிட்டாவ. நான் பிளவுஸ் தைக்கிற கூலி போடலாமா? குரூப்ல எத்தனை பேர் சேர்க்கலாம்?

பாளை கணக்கு: அவர் கேட்டது குரூப் இல்ல, பிராட்காஸ்ட். குரூப்ல ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்குத் தெரியும், பதிலும் எல்லாருக்கும் போகும். பிராட்காஸ்ட்ல ஒவ்வொருத்தருக்கும் தனிச்செய்தியாத்தான் விழும், பதில் உங்களுக்கு மட்டும் வரும்.

வண்ணார்பேட்டை மொபைல்ஸ்: சரியாச் சொன்னீய. ஒரு லிஸ்ட்ல 256 பேர் வரைக்கும் சேர்க்கலாம். இவருக்கு 240தான், அதனால எல்லாருக்கும் போயிரும். நீளத்தைப் பத்தி ரொம்ப அலட்டிக்க வேண்டாம், படம் போட்டாப் போதும்.

பாளை கணக்கு: 256 சரி. "எல்லாருக்கும் போயிரும்" தப்பு. உங்க நம்பரைத் தன் போன்ல சேமிச்சு வச்சவங்களுக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். நீங்க அவங்க நம்பரை வச்சிருந்தா மட்டும் போதாது. அனுப்பின செய்தியை அழுத்திப் பிடிச்சு Message info பாருங்க, யாருக்குச் சேர்ந்துச்சு, யார் படிச்சாங்கன்னு தெரியும். ரெண்டு மூணு நாளாகியும் சேராத பேர்ல ஒருத்தருக்குச் சாதாரணமா ஒரு செய்தி அனுப்பிப் பாருங்க. அது போய்ச் சேர்ந்தா, அவர் உங்க நம்பரைச் சேமிக்கலைன்னு அர்த்தம். அதைச் செய்தியை மாத்திச் சரிபண்ண முடியாது. பில் போடுற இடத்துலயே, "சலுகை வேணும்னா நம்பரைச் சேமிச்சுக்கிடுங்க"ன்னு கேட்கணும்.

படம் வேணும்னா ஒரு பானைப் படம், கீழே எழுத்து. விலையைப் படத்துக்குள்ள எழுதினா, படத்தை இறக்காதவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது.

மேலப்பாளையம் மருமகள்: எழுதுறவங்களாவே பேசுதீய, வாங்குறவ பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்லுதேன். "50% வரை"ங்கிற அந்த "வரை"தான் எரிச்சல். எதுக்கு 50?

அம்பை பாத்திரக்கடை: பழைய எவர்சில்வர் டப்பா ஒரு அடுக்கு கிடக்கு, அதுக்கு மட்டும். வெண்கலப் பானைக்குக் கிலோவுக்கு 80 ரூபாய் குறைக்கேன்.

பாளை கணக்கு: அப்போ 50ஐத் தூக்குங்க. பானைக்கு வாரவங்க பாதி விலைன்னு நினைச்சு வந்து கல்லாவுல சண்டை பிடிப்பாவ. வெண்கலத்தை எடை போட்டு விக்கிறோம், அதுக்குச் சதவீதம் ஒட்டாது. கிலோவுக்கு இத்தனை ரூபாய்னு சொன்னா வீட்டுல இருந்தே கணக்குப் போடுவாவ: ரெண்டரைக் கிலோ பானைன்னா 200 ரூபாய் மிச்சம். டப்பாவுக்குத் தனியா இன்னொரு நாள் அனுப்புங்க. ஒரு செய்திக்கு ஒரு சாமான்.

இப்படிப் போடுங்க:

"அம்பை பாத்திரக்கடை: வெண்கலப் பொங்கப்பானை கிலோவுக்கு 80 ரூபாய் குறைவு.
ஜனவரி 12 ராத்திரி 9 மணி வரை. பழைய வெண்கலமும் எடைக்கு எடுக்கோம்.
எத்தனை படிப் பானைன்னு பதில் போட்டா எடுத்து வைக்கோம். செய்தி வேண்டாம்னா 'வேண்டாம்'னு போடுங்க."

ரதவீதி அண்ணாச்சி: வாழ்த்து எங்க? ஆனித் தேரோட்டத்துக்குப் போட்ட செய்தியிலயும் இதே கணக்கர் நெல்லையப்பர் பேரையே வெட்டச் சொன்னாரு. மறக்கலைவே நான்.

பாளை கணக்கு: பேரை வெட்டச் சொல்லலை. நாலு வரியா இருந்த சாமி துதியைக் கடைசிக்குத் தள்ளச் சொன்னேன். இன்னிக்கும் அதைத்தான் சொல்லுதேன். "பொங்கல் வாழ்த்துகள்"னு ரெண்டு வார்த்தையைக் கடைசி வரியில போடுங்க.

ரதவீதி அண்ணாச்சி: வந்தவங்களை வழியனுப்பும்போது "வாங்க"ன்னு சொல்றதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

வண்ணார்பேட்டை மொபைல்ஸ்: "வேண்டாம்னு போடுங்க"ன்னு நாமளே ஏன் சொல்லிக் கொடுக்கணும்? எல்லாரும் போட்டுருவாவ.

பாளை கணக்கு: போடட்டும். அந்த வழி இல்லாதவங்க கையில அடுத்து இருக்கிறது பிளாக்கும் ரிப்போர்ட்டும். ரிப்போர்ட் குவிஞ்சா வாட்ஸப் நம்பரையே முடக்கிரும், பொங்கல் வாரத்துல கடை நம்பர் போயிரும். "வேண்டாம்"னவங்களை அன்னிக்கே லிஸ்ட்ல இருந்து எடுக்கணும். எடுக்காம அடுத்த செய்தியை அனுப்பினா அந்த வரி வெறும் பொய்யாப் போயிரும்.

"பத்துப் பேருக்குப் பகிருங்கள்" கண்டிப்பா வேண்டாம். அப்படிச் சுத்தி வர்ற செய்தி மேல Forwarded முத்திரை விழும், பல கை மாறினா Forwarded many times ஆயிரும். அதைப் பார்த்ததுமே ஆட்கள் தள்ளி விட்டுருவாவ. நீங்களும் வேற சாட்ல இருந்து ஃபார்வேர்டு பண்ணாதீய, காப்பி பண்ணி லிஸ்ட்ல ஒட்டுங்க.

தென்காசி டெய்லர்: அப்போ பிளவுஸ் கூலிக்கும் கிலோக் கணக்கா?

மேலப்பாளையம் மருமகள்: அய்யோ, உருப்படிக்கு இத்தனை ரூபாய் குறைவுன்னு போடுங்க. கூடவே எந்தத் தேதிக்குள்ள துணி குடுத்தா பண்டிகைக்கு முன்ன கிடைக்கும்னும் போடுங்க. எங்களுக்கு அதுதான் வேணும்.

அம்பை பாத்திரக்கடை: ஆச்சரியக்குறி ஒண்ணாவது வச்சுக்கிடலாமா? வெறுமையா இருக்கு.

பாளை கணக்கு: வேண்டாம். "80 ரூபாய் குறைவு"ங்கிறதை மட்டும் ரெண்டு பக்கமும் நட்சத்திரக்குறி போட்டுத் தடிப்பாக்குங்க. அது ஒண்ணு போதும்.

ரதவீதி அண்ணாச்சி: நட்சத்திரத்துக்கு இடம் இருக்கு, வாழ்த்துக்கு இடம் இல்ல. அம்பைத் தம்பி, உம்ம கடை, உம்ம இஷ்டம். நானா இருந்தா "பொங்கல் வாழ்த்துகள், அம்பை பாத்திரக்கடை"ன்னுதான் தொடங்குவேன்.

பாளை கணக்கு: அப்படித் தொடங்கினா பானை ரெண்டாவது வரிக்குப் போயிரும். திறக்காதவங்களுக்கு அது தெரியவே தெரியாது.

ரதவீதி அண்ணாச்சி: நம்ம ஆளு திறப்பாவ.

பாளை கணக்கு: அப்போ லிஸ்ட்டை ரெண்டாப் பிரிங்க. 120 பேருக்கு அண்ணாச்சி வரி, 120 பேருக்கு என் வரி. ரெண்டும் ஒரே நாள், காலையில பதினொரு மணிக்குப் போகட்டும். மறுநாள் ராத்திரி, எந்தப் பக்கத்துல இருந்து "எத்தனை படி"ன்னு பதில் கூட வந்திருக்குன்னு எண்ணுங்க. படிச்ச டிக்கை நம்பாதீய, அதைப் பல பேர் அணைச்சு வச்சிருப்பாவ.

ரதவீதி அண்ணாச்சி: மரியாதைக்குப் பரீட்சை வைக்கிற ஆளுகிட்ட எனக்குப் பேச்சில்ல.

வண்ணார்பேட்டை மொபைல்ஸ்: பதினொரு மணியா? ராத்திரி எட்டுக்குத்தான எல்லாரும் போன் பார்ப்பாவ?