புதுப்பிப்பு: டில்லியில் பிஎஸ்-4 டீசல் காரும் பியூசி புகைச் சான்றிதழும்

"பியூசி செல்லுபடியில் இருக்கிறது, காற்று மாசு கூடும்போது வரும் கிராப் கட்டுப்பாட்டின் மூன்றாம் கட்டத்தில் பிஎஸ்-4 மாசுத் தரத்து டீசல் காரை எடுக்கலாமா?"

எடுக்கக் கூடாது. சோதனை மையத்தில் வேலை பார்த்தவர் தெளிவாக்கினார்: டீசலுக்கு பியூசியில் பார்ப்பது புகையின் அடர்த்தியை மட்டும். நின்ற வண்டியில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து அளப்பார்கள். நைட்ரஜன் ஆக்சைடு அதில் தெரியாது. தடையோ ஆர்.சி.யில் உள்ள பிஎஸ் எண்ணை வைத்து. மீறினால் 20,000 ரூபாய். பியூசி இல்லாததற்கு அபராதம் தனி.

"பத்து வருடம் ஆகவில்லையே, ஓட்டுங்கள்" என்று சிலர் சொன்னது பாதிதான் சரி, வயது வரம்பு வேறு விதி. பிஎஸ்-4 பெட்ரோல் வைத்திருக்கும் அண்ணன் பயப்பட வேண்டாம், மூன்றாம் கட்டத் தடை பெட்ரோலில் பிஎஸ்-3க்குத்தான்.

அப்புறம் அப்பா விஷயம். மாற்றுத்திறனாளிக்கென மாற்றியமைத்த வண்டிக்கு விலக்கு உண்டு. அவரை உட்காரவைத்து நான் ஓட்டினால் அது பொருந்துமா? இன்னும் பதில் கிடைக்கவில்லை.